பெயரா, பிறப்பா: எரிமலைப் பாறைக்கு எந்த வரைபடம்?

முதுகலை மாணவர்களிடமிருந்து ஆண்டுதோறும் ஒரே கேள்வி வருகிறது. முப்பது எரிமலைப் பாறை மாதிரிகள் கையில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எல்லாப் பகுப்பாய்வும் செய்யப் பணம் இல்லை. மொத்தக் காரம்–சிலிக்கா வரைபடத்தில் புள்ளி வைத்துப் பெயர் சொன்னால் போதுமா, சுவடுத் தனிமங்களையும் அளக்க வேண்டுமா? இரண்டும் வேறு சொன்னால் எதை நம்புவது?

நடைமுறையில் தேர்வு மூன்று வழிகளுக்கு இடையே. முதலாவது மொத்தக் காரம்–சிலிக்கா வரைபடம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாஸ்' என்று வகுப்பறையில் சொல்கிறோம். இரண்டாவது, சிர்க்கோனியம், டைட்டானியம், நையோபியம், இட்ரியம் ஆகிய நான்கின் விகிதங்களைக் கொண்டு பெயரிடும் வரைபடம். மூன்றாவது, அருமண் தனிமங்களையும் மற்ற சுவடுத் தனிமங்களையும் வரிசையாக வைத்துப் படிக்கும் கோலம், அதாவது சிலந்தி வரைபடம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் கேள்வி. இந்தப் பாறைக்கு என்ன பெயர் என்பது ஒரு கேள்வி. இந்தக் குழம்பு எங்கே, எப்படி உருகியது, மேலே வரும் வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பது வேறு கேள்வி. குழப்பத்தில் பாதி இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருகிறது.

இரண்டாவது, பாறை எவ்வளவு சிதைந்திருக்கிறது என்பது. சோடியம், பொட்டாசியம், ருபீடியம், பேரியம் ஆகியவை வெந்நீரோ மழைநீரோ பட்டால் இடம் மாறும். டைட்டானியம், சிர்க்கோனியம், நையோபியம், இட்ரியம், தோரியம் ஆகியவை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். லாந்தனம் போன்ற இலேசான அருமண்களும் கடுமையான சிதைவில் மட்டுமே கணிசமாக நகரும்.

மூன்றாவது, ஆய்வகத்திலிருந்து வரும் எண் எவ்வளவு நம்பத்தக்கது என்பது. செலவை நான் இதற்குள்ளேயே அடக்குகிறேன். தவறான எண்ணுக்குக் கொடுத்த பணம் முழுவதும் வீண்.

| | டாஸ் | மாறாத் தனிம விகிதம் | தனிமக் கோலம் |
|---|---|---|---|
| எதற்குப் பதில் தரும் | பெயர் | தோராயமான பெயர் | பிறப்பும் வரலாறும் |
| சிதைந்த பாறையில் | ஏமாற்றும் | தாக்குப்பிடிக்கும் | பாதி நம்பலாம் |
| தேவையான கருவி | எக்ஸ்-கதிர் ஒளிர்வு | அதே கருவி | ஐசிபி-எம்எஸ் |
| மறைவான செலவு | இரும்பு, நீர் பற்றிய கணக்கு | குறைந்த நையோபியத்தில் பிழை | அரைப்பு, கரைப்பு, இயல்பாக்க எண்கள் |

## மொத்தக் காரம்–சிலிக்கா வரைபடம்

படுக்கை அச்சில் SiO2, நிமிர் அச்சில் Na2O + K2O, இரண்டும் எடைச் சதவீதத்தில். 1986-இல் வெளியாகி, பன்னாட்டு நிலவியல் அறிவியல் ஒன்றியத்தின் பரிந்துரையாக நிலைபெற்ற கட்டங்கள்தாம் இன்றும் பொது மொழி. சிலிக்கா 45 முதல் 52 வரை, காரம் 5-க்குக் கீழே என்றால் பசால்ட். 52 முதல் 57 வரை பசால்ட்டிக் ஆண்டிசைட், 57 முதல் 63 வரை ஆண்டிசைட், அதற்கு மேல் டேசைட்டும் ரையோலைட்டும். காரம் ஏற ஏற டிராக்கி என்ற முன்னொட்டு சேரும்.

இதன் பெரிய நன்மை, எரிமலைப் பாறையில் கனிமங்களை எண்ணிப் பெயரிட முடியாத இடத்திலும் இது வேலை செய்கிறது என்பதே. பாதிக்கு மேல் கண்ணாடியாகவோ மிக நுண்ணிய மணிகளாகவோ உறைந்த பாறையில் நுண்ணோக்கி சொல்வது குறைவு. வேதியியல்தான் பேச வேண்டும்.

ஆனால் புள்ளி வைக்கும் முன் செய்ய வேண்டிய கணக்கைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஆய்வகம் இரும்பு முழுவதையும் Fe2O3 ஆகத் தரும். பாறையில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதியோ FeO. முழுவதையும் FeO ஆக மாற்ற 0.9 ஆல் பெருக்க வேண்டும். பிறகு நீரையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டு மற்ற ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையை 100 ஆக்க வேண்டும். 12 சதவீத இரும்பு உள்ள பசால்ட்டில் இந்த மாற்றத்தால் மட்டுமே கூட்டுத்தொகை 1.2 குறைகிறது. மற்றபடி 100 கூட்டுத்தொகை உள்ள பாறையில் 51.6 ஆக இருந்த சிலிக்கா 52.2 ஆகிவிடும். பசால்ட் என்று எழுத இருந்தவர் பசால்ட்டிக் ஆண்டிசைட் என்று எழுதுவார். எந்த முறையில் கணக்கிட்டாலும் சரி, அதை அறிக்கையில் எழுதாமல் விடுவதுதான் தவறு.

அடுத்த பொறி சிதைவு. நீர் 2 சதவீதத்துக்குக் கீழும், கரியமில வாயு 0.5 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால்தான் பாறையைப் புதியது என்று ஏற்பது வழக்கம். ஆய்வகங்கள் இவற்றைத் தனித்தனியே அளக்காமல் எரிப்பு இழப்பு என்ற ஒரே எண்ணைத் தருகின்றன. அதையும் கண்மூடி நம்பக் கூடாது. சூடாக்கும்போது இரும்பு ஆக்சிஜனை ஏற்று எடை கூடும். நீர் வெளியேறிய இழப்பை அது ஈடுசெய்யும். மிகப் புதிய பசால்ட்டில் இந்த எண் எதிர்மறையாகக்கூட வரும்.

மக்னீசியத்தையும் மறக்க வேண்டாம். பிக்ரைட், கோமாட்டியைட், போனினைட் ஆகியவற்றை முதலில் MgO கொண்டு பிரித்த பிறகே டாஸ் கட்டத்துக்குள் நுழைய வேண்டும்.

## மாறாத் தனிம விகிதங்கள்

பழைய பசுங்கற்பாறைப் பட்டைகளிலும் கடலடியில் சிதைந்த பசால்ட்டுகளிலும் டாஸ் பயன்படாது என்பதால் உருவான வழி இது. 1977-இல் வெளியான இந்த வரைபடம் 1996-இல் திருத்தப்பட்டது. Nb/Y காரத்துக்குப் பதிலாகவும், Zr/Ti சிலிக்காவுக்குப் பதிலாகவும் நிற்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50.4 சதவீத சிலிக்காவும் 2.8 சதவீத மொத்தக் காரமும் உள்ள பசால்ட் ஒன்றைக் கடல்நீர் ஊடுருவி, ஃபெல்ட்ஸ்பாரை அல்பைட்டாக்கி, 2.5 சதவீதச் சோடியம் ஆக்சைடைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் 100 ஆக்கினால் சிலிக்கா 49.2, காரம் 5.2. புள்ளி டிராக்கிபசால்ட் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். பாறை பிறந்தபோது அப்படி இல்லை. Nb/Y, Zr/Ti இரண்டும் இதில் துளியும் அசைவதில்லை.

மறைவான செலவு இதிலும் உண்டு. நடுக்கடல் முகட்டுப் பசால்ட்டில் நையோபியம் சராசரியாக 2.3 பிபிஎம் அளவில்தான் இருக்கும். எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியில் ஒரு பிபிஎம் பிழை என்பது சாதாரணம். அப்படியானால் Nb/Y விகிதத்தில் பாதிக்குப் பாதி பிழை. இத்தகைய பாறைக்கு நையோபியத்தையாவது ஐசிபி-எம்எஸ் கொண்டு அளக்க வேண்டும். அதோடு, இது பதிலி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நையோபியம் குழம்பின் காரத்தன்மையை நேரடியாக அளப்பதில்லை. அது மேன்டில் எவ்வளவு உருகியது, எந்த மேன்டில் உருகியது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. புதிய பாறை கையில் இருக்கும்போது டாஸை விட்டு இதைப் பயன்படுத்த நியாயமே இல்லை.

## தனிமக் கோலங்கள்

அருமண் தனிமங்களை அப்படியே வரைந்தால் இரட்டை அணு எண் உள்ளவை உயர்ந்தும் ஒற்றை எண் உள்ளவை தாழ்ந்தும் ரம்பப் பல்லாகத் தெரியும். அதைச் சமன்செய்ய ஒவ்வொன்றையும் காண்ட்ரைட் விண்கல்லில் உள்ள அளவால் வகுக்கிறோம். சிலந்தி வரைபடத்தில் ஆதி மேன்டிலின் அளவால் வகுக்கிறோம். 1989-இல் வெளியான ஒரு பட்டியலைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள். அதில் காண்ட்ரைட்டின் லாந்தனம் 0.237, இட்டெர்பியம் 0.170 பிபிஎம். வேறு பட்டியலால் வகுத்த பழைய கட்டுரையின் கோட்டையும் உங்கள் கோட்டையும் ஒரே படத்தில் வைத்து ஒப்பிட்டால், இல்லாத வேறுபாடு முளைக்கும்.

கோலத்தில் படிக்க வேண்டியவை மூன்றுதான். ஒன்று சரிவு. இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் செங்குத்தாக இறங்கினால், உருகும்போது கார்னெட் எஞ்சி நின்று கனத்த அருமண்களைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். இரண்டு யூரோப்பியம். பிளாஜியோகிளேஸ் ஃபெல்ட்ஸ்பார் படிகமாகிப் பிரிந்து போனால், யூரோப்பியத்தையும் இழுத்துக்கொண்டு போகும். கோட்டில் அங்கே பள்ளம் விழும். அதன் அளவை இப்படிக் கணக்கிடுகிறோம், N என்பது வகுத்த பின் கிடைக்கும் அளவைக் குறிக்கும்:

```
Eu/Eu* = EuN / √(SmN × GdN)
```

மூன்றாவது நையோபியம். சிலந்தி வரைபடத்தில் அது தோரியத்துக்கும் லாந்தனத்துக்கும் இடையே நிற்கும். இரு பக்கமும் உயர்ந்து நடுவில் நையோபியமும் டான்டலமும் தாழ்ந்திருந்தால், தட்டு அமிழும் மண்டலத்தின் முத்திரை என்று பாடநூல் சொல்லும். இந்த ஒரு வரிதான் மாணவர்களை அதிகம் வழிதவற வைக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

ஆய்வகச் சிக்கல்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். டங்ஸ்டன் கார்பைடு கிண்ணத்தில் அரைத்தால் மாதிரிக்குள் டங்ஸ்டனும் கோபால்ட்டும் டான்டலமும் சேரும். டான்டலம் பாறையில் ஒரு பிபிஎம் அளவிலேயே இருப்பதால் அந்தப் புள்ளி செத்துவிடும். நையோபியம் பள்ளத்தில் இருக்க, டான்டலம் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றால் முதலில் அரைத்த கிண்ணத்தைச் சந்தேகியுங்கள். சுவடுத் தனிமங்களுக்கு அகேட் கிண்ணமே ஏற்றது. அடுத்தது கரைப்பு. திறந்த குடுவையில் அமிலமிட்டுக் கரைத்தால் சிர்க்கான் மணிகள் கரையாமல் அடியில் தங்கும். ரையோலைட்டில் சிர்க்கோனியமும் ஹாஃப்னியமும் கனத்த அருமண்களும் குறைவாக வரும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு தந்த சிர்க்கோனியத்தோடு ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும். பசால்ட்டில் சிர்க்கான் அரிது என்பதால் அங்கே இந்தக் கவலை குறைவு.

## மூன்று புட்டிகளில் ஒரு சோதனை

அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம் தயாரித்த மூன்று பாறைப் பொடிகள் உலகெங்கும் ஆய்வகங்களின் அலமாரியில் இருக்கின்றன. BHVO-2 ஹவாயின் கிலாவேயா எரிமலையில் 1919-இல் வழிந்த குழம்பு. BCR-2 ஒரிகான் மாநிலத்தில் போர்ட்லண்டுக்குக் கிழக்கே ஒரு குவாரியில் எடுத்த கொலம்பியா ஆற்றுப் பசால்ட். AGV-2 அதே மாநிலத்தின் குவானோ பள்ளத்தாக்கு ஆண்டிசைட். கருவியைச் சரிபார்க்க நாள்தோறும் அளக்கப்படுவதால் இவற்றின் எண்கள் நன்றாகத் தெரிந்தவை. இவற்றை அளவீட்டுப் பொருளாக மட்டும் பார்க்காமல் பாறைகளாகப் பாருங்கள் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். நல்ல பாடம் இருக்கிறது.

இரும்பை FeO ஆக்கி, 100-க்குக் கணக்கிட்டு, மேலே சொன்ன 1989 பட்டியலால் வகுத்தால் இவை கிடைக்கின்றன:

| | BHVO-2 | BCR-2 | AGV-2 |
|---|---|---|---|
| SiO2 | 50.4 | 54.9 | 60.6 |
| Na2O + K2O | 2.8 | 5.0 | 7.2 |
| டாஸ் தரும் பெயர் | பசால்ட் | பசால்ட்டிக் ஆண்டிசைட் | டிராக்கிஆண்டிசைட் |
| (La/Yb)N | 5.4 | 5.3 | 17 |
| Eu/Eu* | 1.03 | 0.90 | 0.95 |
| NbN/LaN | 1.15 | 0.48 | 0.37 |

முதலில் பெயர்களைப் பாருங்கள். புட்டியின் மேல் பசால்ட் என்று எழுதியிருக்கும் BCR-2, டாஸ் கட்டத்தில் பசால்ட்டே இல்லை. ஆண்டிசைட் என்று எழுதியிருக்கும் AGV-2 டிராக்கிஆண்டிசைட். அதில் Na2O 4.2, K2O 2.9. சோடியத்திலிருந்து 2-ஐக் கழித்தால் பொட்டாசியத்தைவிடக் குறைவாக இருப்பதால், விதிப்படி அதன் முழுப் பெயர் லாட்டைட். மூன்றுமே புதிய பாறைகள், எண்களிலும் ஐயமில்லை. புட்டிப் பெயர்கள் பழைய வழக்கத்தில் வந்தவை, கட்டத்தின் பெயர்கள் விதியில் வந்தவை. கொலம்பியா ஆற்றுப் பசால்ட் என்ற பெயர் ஒரு நிலவியல் அலகைக் குறிக்கிறது என்பதால் அதை மாற்ற வேண்டியதில்லை. தனி மாதிரியை விவரிக்கும்போது மட்டும் கட்டத்தின் பெயரை எழுத வேண்டும்.

இனி மூன்றாம் வரிசையைத் தாண்டிக் கீழே வாருங்கள். BHVO-2, BCR-2 இரண்டின் அருமண் சரிவும் ஏறக்குறைய ஒன்றே. இவற்றை அருமண் கோலத்தில் மட்டும் வரைந்தால், ஒன்று மற்றதைவிடச் சற்று உயரத்தில் ஓடும் இரு கோடுகளாகத் தெரியும். BCR-2 கோட்டில் யூரோப்பியத்தில் ஒரு சிறு குழி. பிளாஜியோகிளேஸ் பிரிந்ததன் அடையாளம் அது, அவ்வளவுதான். அருமண்களுக்கு மட்டும் பணம் கட்டியவர் இரண்டையும் ஒரே குடும்பம் என்று எழுதிவிடுவார்.

நையோபியம் வந்ததும் படம் மாறுகிறது. ஹவாய்ப் பொடியில் நையோபியம் லாந்தனத்தைவிட மேலே ஒரு திமிலாக நிற்கிறது. கடல்தீவு எரிமலைகளின் குணம் அது. BCR-2-இல் தோரியம் ஆதி மேன்டிலைப்போல் 69 மடங்கு, லாந்தனம் 36 மடங்கு, நடுவில் நையோபியம் 17 மடங்கு மட்டுமே. ஆழமான பள்ளம். பாடநூல் வரியை நம்பினால் இது தட்டு அமிழும் எரிமலை வளைவின் பாறை. ஆனால் கொலம்பியா ஆற்றுப் பசால்ட் பெரும்பகுதி சுமார் 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பிளவுகளின் வழியே பொங்கிப் பரவிய வெள்ளப் பசால்ட். எரிமலை வளைவின் கூம்புகளிலிருந்து வந்ததல்ல.

கண்டத்தின் மேலோட்டிலும் நையோபியம் பள்ளத்தில்தான் இருக்கிறது. அதைக் கரைத்து உட்கொண்ட குழம்பும், பழைய அமிழ்வின் நீர்மங்கள் ஊறிய மேன்டிலிலிருந்து உருகிய குழம்பும், இன்றைய வளைவுக் குழம்பைப் போலவே பள்ளம் காட்டும். ஒற்றை மாதிரியின் கோலத்தால் இவற்றைப் பிரிக்க முடியாது. ஒரே தொகுதியின் பல மாதிரிகள் வேண்டும். மக்னீசியம் அதிகமான, குறைவாக மாறிய மாதிரிகளில் பள்ளம் இல்லாமல், சிலிக்கா ஏற ஏற Nb/La இறங்கினால் வழியில் மேலோட்டை உட்கொண்டது என்பதற்கு வலுவான சான்று. மக்னீசியம் மிகுந்த மாதிரிகளிலேயே பள்ளம் இருந்தால் அது மூலத்திலிருந்து வந்திருக்கக்கூடும். டைட்டானியமும் உதவும். வளைவுப் பசால்ட்டில் TiO2 பொதுவாக ஒரு சதவீதத்தை ஒட்டியே இருக்கும். BCR-2-இல் 2.26.

தக்காண எரிமலைப் படிவுகளில் வேலை செய்பவர்களுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் புஷே அடுக்கு கண்ட மேலோட்டை நிறைய உட்கொண்டது. அதற்கு மேலே வரும் அம்பேனளி அடுக்கு மிகக் குறைவாக உட்கொண்டது. இரண்டும் ஒரே நிகழ்வின் குழம்புகள். புஷேயிலிருந்து மட்டும் மாதிரி எடுத்தவர் கோலத்தை வைத்து அமிழ்வு மண்டலம் என்று எழுதினால், அடுத்த மலைச்சரிவே அவரை மறுத்துவிடும். இங்கே இன்னொரு எச்சரிக்கை. தக்காணப் பாறையின் வாயுக்குமிழ்த் துளைகளில் ஜியோலைட்டும் கால்சைட்டும் நிறைந்திருக்கும். அரைப்பதற்கு முன் சில்லுகளாக உடைத்து, வெண்புள்ளி உள்ளவற்றைக் கையால் பொறுக்கி எறியாவிட்டால், எந்த வரைபடமும் பாறையைப் பற்றிப் பேசாது.

## எந்த நிலையில் எது

வரைபடத் தாளுக்கோ ஆய்வறிக்கைக்கோ பெயர் மட்டும் வேண்டும், மெல்லிய சீவலில் ஆலிவினும் ஃபெல்ட்ஸ்பாரும் தெளிவாக இருக்கின்றன என்றால் டாஸ் போதும். கட்டக் கோட்டுக்கு அரைச் சதவீதத்துக்குள் விழும் புள்ளிகளுக்கு இரு பெயரையும் எழுதுங்கள்.

சீவலில் குளோரைட்டும் அல்பைட்டும் தெரிந்தால் டாஸை வரையாதீர்கள். துணைப்படமாகக்கூட வேண்டாம், படம் இருந்தால் யாராவது அதை மேற்கோள் காட்டுவார்கள். மாறாத் தனிம விகிதமே அங்கே வழி. கோலம் வரைந்தாலும் ருபீடியம், பேரியம், பொட்டாசியம், ஸ்ட்ரான்சியம் ஆகிய புள்ளிகளுக்குப் பொருள் கூறாமல் தோரியம், நையோபியம், சிர்க்கோனியம், டைட்டானியம், கனத்த அருமண்கள் ஆகியவற்றை மட்டும் படியுங்கள்.

பிறப்பிடம்தான் கேள்வி என்றால் கோலம் இல்லாமல் முடியாது. அருமண் தொகுப்பை மட்டும் வாங்காமல் நையோபியம், தோரியம், சிர்க்கோனியம் அடங்கிய தொகுப்பையே கேளுங்கள். மேலே உள்ள அட்டவணையில் முக்கியமான வேறுபாடு வெளிப்பட்டது அந்த ஒரு வரிசையில்தான்.

முப்பது மாதிரிக் கேள்விக்கு என் பதில் இது. முப்பதுக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வு செய்யுங்கள். முதன்மை ஆக்சைடுகளோடு சிர்க்கோனியம், இட்ரியம், நையோபியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றையும் பெரும்பாலான ஆய்வகங்கள் அதே மாதிரியில் அளந்து தரும். டாஸிலும் விகித வரைபடத்திலும் வைத்த பிறகு பத்துப் பன்னிரண்டை ஐசிபி-எம்எஸ்ஸுக்குத் தேர்ந்தெடுங்கள். மக்னீசியம் மிகுந்த நான்கு, சிலிக்கா மிகுந்த நான்கு, மீதி இடைப்பட்டவை. நடுவில் ஒரு குழாயில் BCR-2 பொடியை உங்கள் மாதிரி எண்ணோடு அனுப்புங்கள். லாந்தனம் 25, நையோபியம் 12.5, இட்டெர்பியம் 3.4 பிபிஎம் என்பதை ஒட்டி வரவில்லை என்றால், மற்ற மாதிரிகளின் கோலங்களையும் வரையத் தொடங்காமல் ஆய்வகத்தைக் கூப்பிடுங்கள்.